விஐபி மேலாளரின் மெசேஜ்

"சார், இன்னைக்கு ராத்திரிக்குள்ள 1,000 போட்டா 500 போனஸ். உங்களுக்கு மட்டும்."

நண்பரின் போனில் இன்று பார்த்த மெசேஜ். அனுப்பியவர் ஒரு சூதாட்டத் தளத்தின் விஐபி மேலாளர், அதாவது அதிகம் பணம் கட்டுபவர்களைக் கவனிக்கத் தளம் வைத்திருக்கும் ஊழியர். நேற்றுதான் நண்பர் அந்தத் தளத்தில் பெரிய தொகை தோற்றிருந்தார். தற்செயல் இல்லை. யார் எப்போது எவ்வளவு தோற்றார் என்பது மேலாளரின் திரையில் தெரியும். அவருடைய ஊக்கத்தொகையே பல இடங்களில் நாம் கட்டும் பணத்தைப் பொறுத்தது.

நிபந்தனையைப் பார்த்தேன். கட்டியதையும் போனஸையும் சேர்த்து 30 மடங்கு பந்தயம் வைத்த பிறகே பணத்தை எடுக்க முடியும்.

அதாவது 45,000.

வைக்கும் பந்தயத்தில் சராசரியாகத் தளத்துக்குப் போகும் பங்கு 4 சதவீதம் என்றாலே சராசரி இழப்பு 1,800. கணக்கில் இருப்பதோ 1,500தான்!

"என் டெபாசிட்டுக்கு மாத வரம்பு வையுங்க" என்று அந்த மேலாளரிடம் கேளுங்கள். பேச்சை மாற்றி இன்னொரு போனஸை நீட்டினால், எண்ணை பிளாக் செய்துவிட்டு வரம்பை நீங்களே வையுங்கள்.