பதின்மூன்று கட்டங்கள்

நவம்பர் 24, ஞாயிறு

எங்கள் செக்கு எண்ணெய் வியாபாரத்துக்காக இந்த மாதம் ஒரு நாள் விடாமல் இன்ஸ்டாகிராமில் பதிவிட்டிருக்கிறேன். இருபத்து நான்கு நாளுக்கு இருபத்து நான்கு பதிவு. இரவு ஒன்பது மணிக்குப் பாத்திரம் கழுவிய கையோடு "இன்று என்ன போடுவது" என்று உட்கார்ந்தால் வேறென்ன வரும்? எண்ணிப் பார்த்தேன். காலை வணக்கம், வாழ்த்து வகையில் ஏழு. பாட்டில் படமும் தள்ளுபடியும் எட்டு. செக்கு சுற்றுகிற வீடியோ ஆறு. சமையல் மூன்று.

பிறகு வாட்ஸ்அப்பைத் திறந்து அதே நாட்களில் வந்த கேள்விகளை நோட்டில் எழுதினேன். நாற்பத்தொன்று. அதில் பத்தொன்பது சந்தேகம்: கடலை எண்ணெய் ஏன் நுரைக்கிறது, அடியில் ஏன் மண்டி நிற்கிறது, ஏன் இவ்வளவு விலை. பதினொன்று, எதற்கு எந்த எண்ணெய் என்பது. எட்டுப் பேர் முகவரியும் கூரியரும் கேட்டிருக்கிறார்கள். மீதி மூன்று எதிலும் சேராது. நான் போட்ட இருபத்து நான்கில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவை, தாராளமாகக் கணக்கிட்டாலும், நான்கு.

டிசம்பரில் வாரத்துக்கு மூன்றுதான். திங்கள், புதன், சனி. காலண்டரில் கட்டம் போட்டால் பதின்மூன்று வருகிறது.

நவம்பர் 26, செவ்வாய்

கருப்பொருள் தேர்வுக்கு ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். ஒரு தலைப்பின் கீழ் ஒரே அமர்வில் பத்துப் பதிவுக்கான வரி எழுத வர வேண்டும். வராவிட்டால் அது கருப்பொருள் இல்லை. ஒரு பதிவு, அவ்வளவுதான். "எங்கள் செக்கின் வரலாறு" மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. மாமா வாகை மரத்தில் உலக்கை செய்த கதையை எத்தனை முறை சொல்வது? முகவரியும் கூரியரும் கருப்பொருளே இல்லை. பக்கத்தின் உச்சியில் ஒரு முறை ஒட்டிவைத்தால் தீர்ந்தது.

"ஆரோக்கியம்" எளிதாகப் பத்தைத் தாண்டியது. ஆனால் எழுதியதைத் திரும்பப் படித்தால், முட்டிவலி போகும், சர்க்கரை இறங்கும் என்று எல்லோரும் போடுகிற அதே வரிகள். பத்தில் இரண்டைத்தான் என்னால் கூசாமல் சொல்ல முடியும். நோய் தீரும் என்று உணவுப் பொருளை விளம்பரப்படுத்தச் சட்டமும் இடம் தருவதில்லை. அடித்துவிட்டேன்.

நின்றவை நான்கு. சந்தேகம். வீட்டுப் பயன்பாடு. செக்கடியில் நடப்பது. நாலாவது, மனிதர்கள்: கொப்பரை கொண்டுவருபவர், புண்ணாக்கு வாங்கிப்போகும் மாட்டுக்காரர். கேள்விகள் வந்த அளவுக்கே கட்டங்களைப் பிரித்தேன். சந்தேகத்துக்கு நான்கு, பயன்பாட்டுக்கு மூன்று, மற்ற இரண்டுக்கும் இரண்டிரண்டு. 25ஆம் தேதியையும் 30ஆம் தேதியையும் காலியாக விட்டேன்.

நவம்பர் 27, புதன்

கட்டங்களை அத்தையிடம் காட்டினேன். கார்த்திகை தீபம் 13ஆம் தேதி. விளக்குக்கு எண்ணெய் பற்றிய பதிவை 11இல் வைத்திருந்தேன். இரண்டு நாள் முன்னால், சரியாகத்தான் இருக்கிறது என்று நினைப்பு.

"படித்துவிட்டுக் கேட்டால் பார்சல் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும், கண்ணு?" என்றார் அத்தை.

மூன்று நாள். நான் பதிவின் தேதியைப் பார்த்தேன். அவர் எண்ணெய் போய்ச் சேரும் தேதியைப் பார்த்தார். 4ஆம் தேதிக்கு மாற்றினேன். அதே கணக்கில், தேங்காய் எண்ணெய் உறைவதைப் பற்றிய பதிவும் மார்கழி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, 9ஆம் தேதிக்கு வந்தது. உறைந்த பிறகு சொன்னால் அது சமாதானம்போல் இருக்கும்.

நவம்பர் 28, வியாழன்

படமெடுக்கும் நாள். தேதி வரிசையில் எடுக்கவில்லை, இட வரிசையில் எடுத்தேன். செக்கடியில் நிற்கும்போதே செக்குப் பதிவு இரண்டும், விலை பற்றிய சந்தேகத்துக்கான காட்சியும் முடிந்தன. தராசில் இரண்டரைக் கிலோ கடலைப் பருப்பு, பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டில். விலையை விளக்க அதற்கு மேல் பேச்சு தேவையில்லை. ஏறத்தாழ அவ்வளவு பருப்பு போனால்தான் அந்தப் பாட்டில் நிறைகிறது. எள்ளுக்குக் கருப்பட்டி சேர்த்து ஆட்டுவதையும் எடுத்தேன். அடுக்களைக் காட்சிகள் பிற்பகலில். ஒன்பது பதிவுக்கு ஐந்து மணி நேரம். தினமும் இரவில் செலவான முக்கால் மணி நேரத்தோடு ஒப்பிட்டால் லாபம்தான். ஆனால் எல்லாவற்றிலும் அதே நீலப் புடவையில் இருக்கிறேன் என்பது மாலையில்தான் உறைத்தது.

மூன்றை மெட்டா பிசினஸ் சூட்டில் தேதி குறித்து ஏற்றிவைத்தேன்.

டிசம்பர் 2, திங்கள்

காலை ஏழு மணிக்குப் பதிவு தானாகப் போய்விட்டது. கொப்பரையைக் கந்தகப் புகை போடாமல் ஏன் வெயிலில் காயவைக்கிறோம் என்பது. அக்டோபரில் எடுத்த காட்சி, களமெல்லாம் பளீரென்று வெயில். கீழே என் வரி: "இப்படி வெயில் அடித்தால் போதும், வேறென்ன வேண்டும்!"

சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரமும் கடலூரும் வெள்ளத்தில் கிடக்கின்றன. நேற்று திருவண்ணாமலையில் மண் சரிந்திருக்கிறது. ஏழேகாலுக்குக் கடலூர் வாடிக்கையாளர் ஒருவர் எழுதினார்: "அக்கா, இங்கே வீட்டுக்குள் தண்ணீர்." உடனே நீக்கிவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஏற்றிவைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தது என் தவறு. இனி பதிவு போவதற்கு முந்தின இரவு அந்த வரியை ஒருமுறை படிப்பேன். நீக்கியது, காலியாக விட்ட 30ஆம் தேதிக்குப் போகிறது, வேறு வரியோடு. காலிக் கட்டம் இல்லாமலிருந்தால் மொத்தப் பட்டியலையும் கலைத்திருப்பேன்.

டிசம்பர் 4, புதன்

விளக்குப் பதிவு போனது. எந்த ஊர்களுக்குக் கூரியர் நின்றிருக்கிறது என்பதைக் கீழே சேர்த்தேன்.

டிசம்பர் 18, புதன்

"எண்ணெய் வெள்ளையாகக் கட்டிவிட்டது, மெழுகு கலந்ததா?" என்று இரண்டு பேர். போன மார்கழியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கிக்கொண்டிருந்தேன்: சுத்தமான தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத்தான் செய்யும், வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் உருகிவிடும். இப்போது 9ஆம் தேதிப் பதிவை அனுப்பினேன். அதில் ஒருவர், "இதை முன்பே பார்த்தேன், என் கணவர்தான் நம்பவில்லை" என்று பதில் போட்டார்.

டிசம்பர் 31, செவ்வாய்

கணக்குப் பார்த்தேன். முறுக்குக்குக் கடலை எண்ணெய் பற்றிய வீடியோவை 2,100 பேர் பார்த்திருக்கிறார்கள். அதைத் தொட்டு வாட்ஸ்அப்பில் வந்தவர்கள் இரண்டு பேர். உறையும் எண்ணெயைப் பார்த்தவர்கள் 640தான். கேட்டு வந்தவர்கள் பத்தொன்பது பேர். முதலில் முறுக்கையே இன்னும் நான்கு போடலாமா என்று கை பரபரத்தது. ஆனால் இரண்டின் வேலையும் ஒன்றில்லை. சமையல் வீடியோ புதிய ஆட்களிடம் போகிறது, அதற்குப் பார்வையும் பகிர்வும் அளவுகோல். சந்தேகப் பதிவு, வாங்கலாமா என்று தயங்கி நிற்பவருக்கு. அதற்கு, வருகிற செய்திகள்தான் அளவுகோல். முறுக்கை இன்னொரு சமையல் பதிவோடுதான் ஒப்பிட வேண்டும். அதுவும் மாதத்துக்கு மூன்று வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் முடிவு கட்ட முடியாது. மார்ச் வரை பிரிவை மாற்றுவதில்லை.

மாட்டுக்காரர் பதிவுக்குச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. அவருடைய பேத்தி மட்டும் பதினோரு பேருக்கு அனுப்பியிருக்கிறாளாம். ஜனவரியில் அந்தக் கருப்பொருளை ஒன்றாகக் குறைத்து, சந்தேகத்துக்கு ஐந்து வைக்கலாம் என்று எழுதினேன். பிறகு மேலே எழுதிய வரியைப் பார்த்துவிட்டு அதை அடித்தேன்.

பொங்கல் 14ஆம் தேதி. மூன்று நாள் பார்சல், ஒரு நாள் யோசனை. 8ஆம் தேதி புதன்கிழமையில் குறித்திருக்கிறேன். வேறு புடவை கட்ட வேண்டும்.