வேலை அறிவிப்பில் ‘அவன்/அவள்’ எதற்கு?

“விற்பனைக்குத் துடிப்பான இளைஞர்கள் தேவை. விண்ணப்பிக்கும் நபர் அவனது/அவளது சான்றிதழ்களுடன் நேரில் வரவும். இருபாலரும் விண்ணப்பிக்கலாம்.”

கடைசி வரி அழைப்பதை முதல் வரி தடுக்கிறது. ‘இளைஞர்’ என்றால் பலர் மனதில் ஆண்தான் வருவார். ‘சேல்ஸ்மேன்’, ‘ஆபீஸ் பாய்’ பற்றிச் சொல்லவே வேண்டாம். சாய்கோடு போட்ட ‘அவனது/அவளது’ வாய்விட்டுப் படித்தாலே இடறும். அதற்குப் பயந்து வரிக்கு வரி ‘நபர்’ போட்டால் காவல்நிலையப் புகார் மாதிரி ஆகிவிடும்.

தமிழில் வழி எளிது. யாருடைய சான்றிதழ் என்று சொல்லாமலே புரியும், ஆகவே அந்தச் சொல்லை எடுத்துவிடலாம். ஆளைக் குறிக்க ‘தெரிந்தவர்’, ‘உள்ளவர்கள்’ போதும். ‘அர்’ விகுதி இருபாலுக்கும் பொது. வயதையும் பாலையும் விட்டு, வேலைக்கு என்ன தேவையோ அதை எழுதுங்கள்:

“விற்பனைப் பிரிவில் வேலை. வாடிக்கையாளர்களிடம் பேசிப் பழகத் தெரிந்தவர்கள், சான்றிதழ்களுடன் நேரில் வரலாம்.”

இப்போது ‘இருபாலரும்’ வரியே தேவைப்படாது.

‘ஆசிரியர்/ஆசிரியை’ என்று இரண்டும் போடுவதும் வீண். ‘ஆசிரியர்’ பொதுச்சொல்தான், பக்கத்தில் ‘ஆசிரியை’ வந்ததும் அது ஆணுக்கு மட்டும் என்று சுருங்கிவிடுகிறது.

குழு மின்னஞ்சலில் ‘டியர் சார்ஸ்’, ‘சகோதரர்களே’ வேண்டாம். ‘அனைவருக்கும் வணக்கம்’ போதும். புதிதாகச் சேருபவரைப் பற்றி எழுதும்போது ‘அவர் திங்கட்கிழமை வருகிறார்’ என்றால் முடிந்தது. ‘அவர்கள் வருகிறார்கள்’ என்று, ஒருவரையே ‘they’ எனும் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதினால், எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேள்வி வரும்.