படத்தில் பார்த்த ட்ரெட்மில்லுக்கு விலை பேசியது

மழை பெய்தாலும் அப்பா வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும் என்று பழைய ட்ரெட்மில் ஒன்று தேடினேன். தெகிவளையில் ஒருவர் படம் அனுப்பினார். "மூன்றரை குதிரைவலு, தம்பி. ஒரு லட்சத்து இருபதாயிரம் தந்தால் போதும்" என்றார்.

அந்தப் படத்தில் இருந்த பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. ஒரே தொழிற்சாலையில் செய்த இயந்திரம் பல பெயர்களில் இறக்குமதியாவது வழக்கம். அதனால் பெயரை விட்டுவிட்டு, மோட்டார் மூடியின் வடிவத்தையும் கைப்பிடி வளைவையும் வைத்து இணையத்தில் படத்தால் தேடினேன். அச்சு அசலாக அதே சட்டம் வேறொரு பெயரில், காலி வீதிக் கடையொன்றில், புதிதாக ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம் ரூபாவுக்கு இருந்தது.

அடுத்து இரண்டு படங்கள் கேட்டேன். ஒன்று, மின்கம்பி நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் விவரத் தகடு. அதில் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 750 வாட் என்று இருந்தது. ஒரு குதிரைவலு 746 வாட். இழுக்கும் மின்சாரமே அவ்வளவுதான் என்றால், மூன்றரைக் குதிரைவலுவைத் தொடர்ந்து தருவது நடக்காத காரியம். விற்பவர்மேல் பழியில்லை, கணநேர உச்ச அளவைத்தான் விளம்பரங்களில் பெரிதாகப் போடுகிறார்கள். இரண்டாவது படம், பெல்ட்டின் மேல் ஏ4 தாளைக் குறுக்காக வைத்து எடுத்தது. தாளின் நீளம் 29.7 சென்ரிமீற்றர். இருபுறமும் ஐந்தைந்து சென்ரிமீற்றர் மிஞ்சியது. ஆக, பெல்ட் 40 சென்ரிமீற்றர் அகலம். நடக்கத் தாராளம். ஓடுபவருக்கு 50 அளவாவது வேண்டும்.

அதே படத்தில், பெல்ட்டின் ஒரு விளிம்பு நூல் நூலாகப் பிரிந்திருந்தது. பின் உருளையின் ஆணித்தலையில் துரு. கடலோர வீடுகளில் இது சாதாரணம். ஆனால் அந்த ஆணியைத் திருப்பித்தான் பெல்ட்டை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அது இறுகிப்போனால் புதுப் பெல்ட்டும் ஒரு பக்கமாக உரசித் தேயும்.

மோட்டாரின் உடல்நிலையைப் படம் சொல்லாது. ஆள் ஏறி மணிக்கு மூன்று கிலோமீற்றர் வேகத்தில் நடக்கும் காணொளியை, ஒலியுடன் கேட்டேன். கால் வைக்கும்போது பெல்ட் தயங்கியது. மோட்டார் ஒலியும் கூடவே தாழ்ந்தது. பெல்ட் தளர்ந்து வழுக்கினால் ஒலி பெரும்பாலும் மாறாது. இது அடிப்பலகையில் உராய்வு: சிலிக்கன் எண்ணெய் வற்றியிருக்க வேண்டும், பெல்ட்டின் அடிப்பக்கமும் தேய்ந்திருக்கலாம்.

உத்தரவாதம் இல்லாததால் புது விலையில் பாதி, 82,500, என்று தொடங்கினேன். பெல்ட் மாற்ற, கூலியோடு 15,000 ஆகும் என்று பழுதுபார்ப்பவர் சொன்னதைக் கழித்தால் 67,500. அந்தக் கணக்கை அப்படியே விற்பவரிடம் சொன்னேன். சற்று யோசித்து 70,000 என்றார். ஆணி திரும்புகிறதா என்று நேரில் பார்த்த பிறகே பணம் என்று கேட்டுக்கொண்டேன், சம்மதித்தார். ஆணி திரும்பியது, வாங்கிவிட்டேன்.