மலிவு ரவுட்டரில் ஓபன்விபிஎன் ஏன் 20-லேயே நிற்கிறது

கிளை அலுவலகங்களுக்கு விபிஎன் போட்டுக் கொடுப்பது என் வேலை. அங்கே பெரும்பாலும் MT7621 சிப் உள்ள மலிவு ரவுட்டர்தான் இருக்கும், அதில் ஓபன்டபிள்யூஆர்டி ஏற்றியிருப்போம். லைன் 100 எம்பிபிஎஸ். ஓபன்விபிஎன் வழியாகப் போனால் 20 பக்கம் வந்து நின்றுவிடும், அதே பெட்டியில் வயர்கார்டு போட்டால் கிட்டத்தட்ட லைன் முழுவதும் கிடைக்கும். "விபிஎன் இல்லாமல் நல்லா ஓடுதே சார், அப்போ ரவுட்டர் மேல தப்பில்லையே" என்று எல்லா கிளையிலும் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் விபிஎன் இல்லாதபோது அந்தப் பெட்டியின் சிபியு பெரிதாக எதுவும் செய்வதில்லை. ஓபன்டபிள்யூஆர்டியில் ஹார்டுவேர் ஆஃப்லோடிங்கை இயக்கியிருந்தால் MT7621-இல் நேட் வேலையைத் தனி ஹார்டுவேர் பார்த்துக்கொள்கிறது, பாக்கெட்டுகள் சிபியுவைத் தொடாமலேயே கடந்துவிடும். விபிஎன் என்று வந்ததும் ஒவ்வொரு பாக்கெட்டும் 880 மெகாஹெர்ட்ஸ் மிப்ஸ் சிபியுவிடம் வந்தாக வேண்டும்.

அங்கே ஓபன்விபிஎன் நடத்தும் பயணம்தான் முக்கியம். பாக்கெட் முதலில் கர்னலுக்கு வருகிறது, tun0 என்ற மெய்நிகர் இன்டர்ஃபேஸ் வழியாக, கர்னலுக்கு வெளியே ஓடும் openvpn ப்ராசஸுக்கு நகலெடுக்கப்படுகிறது, அது பூட்டி யுடிபி சாக்கெட்டில் எழுதுகிறது, மறுபடியும் கர்னலுக்குள் நகல். 20 எம்பிபிஎஸ் என்றால் 1400 பைட் பாக்கெட்டாக நொடிக்கு ஏறக்குறைய 1800, அதாவது ஒவ்வொன்றுக்கும் அரை மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் இரண்டு நகல், கர்னலுக்குள் போய் வரும் செலவு, என்கிரிப்ஷன் எல்லாமே முடிய வேண்டும். இத்தனையையும் செய்வது ஒரே த்ரெட்!

இதை top-இல் பார்க்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். openvpn 25% என்று காட்டும், முக்கால்வாசி சிபியு சும்மா கிடக்கிறது என்று தோன்றும். MT7621-இல் கோர் இரண்டு என்றாலும் லினக்ஸுக்கு நான்கு சிபியுவாகத் தெரியும், பிஸிபாக்ஸ் top மொத்தத்தில் பங்கைக் காட்டுகிறது, அதனால் 25% என்றால் ஒரு சிபியு முழுசாக நிரம்பிவிட்டது என்று அர்த்தம். மீதி மூன்றும் உதவிக்கு வராது.

வயர்கார்டு கர்னலுக்குள்ளேயே ஓடுகிறது, வெளியே போய் வரும் அலைச்சலே கிடையாது. என்கிரிப்ஷனை எல்லா சிபியுவுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. வேகச் சோதனை ஓடும்போது top-இல் wg-crypt-wg0 என்ற பெயரோடு பல kworker ஒரே நேரத்தில் மேலே வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இன்னொரு காரணம் சைஃபர், அதாவது பூட்டும் முறை. ஓபன்விபிஎன் வழக்கமாகப் பயன்படுத்தும் ஏஇஎஸ்ஸுக்கென்று இந்த மிப்ஸ் சிபியுவில் தனிக் கட்டளைகள் இல்லை, எல்லாம் அட்டவணையில் தேடித் தேடி மென்பொருளிலேயே செய்ய வேண்டும். வயர்கார்டின் சாச்சா20 வெறும் கூட்டல், எக்ஸார், பிட் சுழற்றல் மட்டும்தான், சின்ன சிபியுவுக்கு அது ரொம்ப லேசு. உங்கள் பெட்டியில் வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க:

```
openssl speed -evp aes-256-cbc
openssl speed -evp chacha20-poly1305
```

ஒரு விஷயம், சிபிசியில் பாக்கெட் வழியில் மாறவில்லை என்று சரிபார்க்கும் எச்மேக் செலவு தனி, முதல் கட்டளை அதைக் காட்டாது. அதனால் உண்மையான இடைவெளி இன்னும் பெரிது.

அப்போ ஓபன்விபிஎன்னிலும் சாச்சா போட்டால் போதுமா? 2.5 பதிப்பிலிருந்து `data-ciphers CHACHA20-POLY1305` என்று இரண்டு பக்கமும் போடலாம். போட்டால் வேகம் ஏறும், ஆனால் வயர்கார்டு பக்கத்தில்கூட வராது. சோதனை மேஜையில் மட்டும், data-ciphers, auth இரண்டையும் none ஆக்கிப் பாருங்கள். பூட்டே இல்லாமல் அனுப்பியும் வேகம் லைனைத் தொடாது. அந்த மிச்ச இடைவெளி முழுக்க நகலுக்கும் ஒற்றை த்ரெட்டுக்கும் சேர்ந்தது, எந்த சைஃபரை மாற்றினாலும் அது போகாது. வேகம் அளக்கும் iperf3-ஐ மட்டும் ரவுட்டரிலேயே ஓட்ட வேண்டாம், அதுவும் அதே சிபியுவைத்தான் தின்னும். பின்னால் ஒரு லேப்டாப்பில் ஓட்டுங்கள்.

ஓபன்விபிஎன்னை விட முடியாத இடம் என்றால் உண்மையான தீர்வு டிசிஓ, அதாவது பூட்டும் வேலையைக் கர்னலுக்குள் கொண்டுபோவது. ஓபன்விபிஎன் 2.6-இல் தனி கர்னல் மாட்யூலோடு வந்தது, 2025-இல் லினக்ஸ் 6.16-இலேயே ovpn சேர்ந்துவிட்டது. tap, கம்ப்ரஷன், பழைய சிபிசி சைஃபர்கள் இருந்தால் வேலை செய்யாது, சத்தமில்லாமல் பழைய வழிக்கே திரும்பிவிடும், லாகில் ஒரு வரி மட்டும் இருக்கும். அதனால் கான்ஃபிக் மாற்றியதும் ஒரு பெரிய ஃபைலை இறக்கிக்கொண்டே top-ஐப் பார்ப்பேன். openvpn வரிசை பூஜ்யத்தை ஒட்டி இருந்தால்தான் டிசிஓ ஓடுகிறது, இன்னும் 25% என்றால் கம்ப்ரஷன் வரி எங்கோ மிச்சம் இருக்கிறதா என்று முதலில் தேடுவேன்.