கணைக்காலில் விழுந்த உதையும் இரண்டாகப் பிரிந்த ஆட்டமும்

லண்டன் ஹோல்போர்ன் நிலையத்தில் இறங்கித் தெற்கே சிறிது தூரம் நடந்தால் கிரேட் குவீன் வீதி வந்துவிடுகிறது. வெள்ளைக் கல்லில் எழும்பி நிற்கும் ஃப்ரீமேசன்கள் மாளிகையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் போகிறார்கள். நான் தேடி வந்தது அதன் பக்கத்துக் கட்டடத்தை. இன்று கிராண்ட் கனாட் ரூம்ஸ் என்ற பெயரில் விருந்துகளும் கூட்டங்களும் நடக்கிற அந்த மனையில்தான் ஃப்ரீமேசன்ஸ் டாவர்ன் என்ற விடுதி இருந்தது. 1863 அக்டோபர் 26 மாலை, லண்டனையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த சுமார் பன்னிரண்டு கிளப்புகள், பள்ளிகளின் ஆட்கள் அங்கே கூடி, ஃபுட்பால் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். டிசம்பர் 8 வரை ஆறு முறை கூடினார்கள். உலகமே ஆடும் கால்பந்தின் முதல் விதிகள் அந்த ஆறு கூட்டங்களில் பிறந்தவை. ரக்பி தனி வழியில் போனதும் அங்கேதான்.

கையால் பந்தைத் தொடலாமா கூடாதா என்பதில்தான் இரண்டு ஆட்டங்களும் பிரிந்தன என்று பள்ளி நாட்களிலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். அந்தக் கூட்டங்களின் நடவடிக்கைகளைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அங்கே காரசாரமாக மோதிக்கொண்டது கையைப் பற்றி அல்ல; எதிராளியின் கணைக்காலில் பூட்ஸால் உதைக்கலாமா என்பதைப் பற்றி.

அதற்கு முன் நிலைமை என்னவென்றால், ஒவ்வொரு பெரிய பள்ளிக்கும் தனி ஆட்டம் இருந்தது. ஈட்டனில் ஒன்று, ஹாரோவில் ஒன்று, ரக்பி பள்ளியில் முற்றிலும் வேறொன்று. ரக்பி மாணவர்கள் 1845-லேயே தங்கள் விதிகளை எழுதி அச்சிட்டுவிட்டார்கள். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம். ஓடுபவனைக் கணைக்காலில் உதைத்து வீழ்த்தலாம். ஆனால் குதிகாலால் உதைப்பதும் முழங்காலுக்கு மேலே உதைப்பதும் முறையல்ல. பூட்ஸின் அடியில் துருத்தும் ஆணியோ இரும்புத் தகடோ இருக்கக் கூடாது. இப்படி ஒரு விதி எழுத வேண்டியிருந்தது என்றால், எழுதுவதற்கு முன் மைதானத்தில் என்னென்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். வெவ்வேறு பள்ளிகளில் படித்தவர்கள் பல்கலைக்கழகத்திலோ ஊர்க் கிளப்பிலோ ஒன்று சேர்ந்து ஆடும்போது, ஒருவனுக்கு நியாயமானது அடுத்தவனுக்கு அக்கிரமமாகத் தெரிந்தது. பந்தை உதைப்பதற்கு முன் விதியைப் பேசி முடிப்பதே பெரும்பாடாக இருந்தது.

இதற்கு ஒரு முடிவு கட்ட முயன்றவர் எபனீசர் காப் மோர்லி. லண்டனின் மேற்கே தேம்ஸ் கரையிலுள்ள பார்ன்ஸில் வாழ்ந்த வழக்கறிஞர், பார்ன்ஸ் கிளப்பின் தலைவர். பிறந்த ஊர் ஹல். பெரிய பள்ளி எதிலும் படித்தவர் அல்ல. கட்டிக் காக்க வேண்டிய சொந்தப் பள்ளி ஆட்டம் என்று எதுவும் அவருக்கு இல்லாததுதான் இந்த வேலைக்கு அவரை ஏற்றவராக்கியது என்று நினைக்கிறேன். சங்கத்தின் முதல் செயலாளராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கில்பர்ன் பகுதியின் ‘நோ நேம்ஸ்’ கிளப்பைச் சேர்ந்த ஆர்தர் பெம்பர் தலைவர். பொருளாளர் பொறுப்புக்கு வந்தவர் பிளாக்ஹீத் கிளப்பின் பிரான்சிஸ் மால் கேம்பல்.

நவம்பர் 24 கூட்டத்தில் மோர்லி வாசித்த வரைவைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அதன் ஒன்பதாம் விதி, பந்தை நேராகவோ ஒரு முறை தரையில் பட்டு எழும்பியதுமோ பிடித்தவன் அதோடு எதிரணி கோலை நோக்கி ஓடலாம் என்றது. பத்தாம் விதி, அப்படி ஓடுபவனை எதிரணியினர் மோதலாம், பிடிக்கலாம், இடறிவிடலாம், கணைக்காலில் உதைக்கலாம், பந்தைப் பிடுங்கலாம் என்றது. ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு உதைக்க மட்டும் கூடாதாம். அதாவது கால்பந்துச் சங்கம் எழுதிய முதல் வரைவு கிட்டத்தட்ட ரக்பிதான்.

இந்த இரண்டு விதிகளும் ஏன் அடுத்தடுத்து வருகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் பிரிவின் காரணமும் புரிந்துவிடும். பந்தைக் காலால் தட்டிக்கொண்டு போகிறவனிடம் பந்து எப்போதும் கொஞ்சம் விலகியே இருக்கிறது. காலை நீட்டி அதைப் பறித்துவிடலாம். கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிறவனிடம் அது நடக்காது. அவனை நிறுத்த வேண்டுமென்றால் அவன் உடலைத்தான் நிறுத்த வேண்டும். எனவே கையில் பந்தோடு ஓட அனுமதித்தால், ஓடுபவனை வீழ்த்தவும் ஏதாவது ஒரு வழியை அனுமதித்தே ஆக வேண்டும். அந்நாளில் பழகிய வழி உதைப்பது. உதைப்பதை எடுத்துவிட்டால், ஓடுவதும் கேள்விக்குள்ளாகிவிடும்.

வரைவு அப்படியே நிறைவேறியிருக்கக்கூடும். அதைத் தடுத்தது கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஒரு தாள். ஈட்டன், ஹாரோ, ரக்பி உள்ளிட்ட பள்ளிகளில் படித்த பல்கலைக்கழக மாணவர்கள் அந்த இலையுதிர் காலத்தில் ஒன்றுகூடி ஒரு பொது விதித் தொகுப்பை எழுதியிருந்தார்கள். அது பத்திரிகைகளில் வெளியாகி, சரியாக இந்த நேரத்தில் லண்டன் கூட்டத்தின் கைக்குக் கிடைத்தது. பந்தோடு ஓடுவதும் கிடையாது, உதைப்பதும் கிடையாது என்றது அது. ரக்பி பள்ளியில் படித்தவர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள் என்பது முக்கியம். எல்லாப் பள்ளிகளும் உட்கார்ந்து பேசினால் இப்படியும் ஒத்துப்போகலாம் என்பதற்கு அது கண்கூடான சான்று. மோர்லிக்கு மனம் மாறியது. பெம்பருக்கும்தான்.

டிசம்பர் 1 கூட்டத்தில் கேம்பல் கொதித்தெழுந்தார். கணைக்காலில் உதைப்பதுதான் உண்மையான ஆட்டம் என்பது அவர் கட்சி. அதை எடுத்துவிட்டால் ஆட்டத்தில் தைரியமும் நெஞ்சுரமும் போய்விடும். ஒரு வாரம் பயிற்சி எடுத்த பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டி வந்தே உங்களைத் தோற்கடித்துக் காட்டுகிறேன் என்றார். ஆட்டத்தைவிடப் புகைக்குழாயையும் மதுவையும் விரும்புகிறவர்கள்தான் இதை எதிர்க்கிறார்கள் என்றும் சாடினார். மோர்லியின் பதில் சுருக்கமானது. உதைப்பதை வைத்துக்கொண்டால், விவரம் தெரிந்த வயதுக்கு வந்த எவரும் கால்பந்து ஆட மாட்டார்கள். ஆட்டம் பள்ளிப் பையன்களோடு நின்றுவிடும். மறுநாள் காலை அலுவலகம் போய்ச் சம்பாதிக்க வேண்டியவர்களின் குரல் அது. என் மனம் முழுக்க மோர்லியின் பக்கம்தான். பள்ளியை விட்ட பிறகும் ஆடலாம் என்பதுதானே ஓர் ஆட்டத்தை ஊர் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

விடுமுறையில் பள்ளிகளின் ஆட்கள் வரும்வரை முடிவைத் தள்ளிப்போட வேண்டும் என்று கேம்பல் தரப்பு கேட்டது. 13-க்கு 4 என்ற வாக்கில் அது தோற்றது. வரைவின் இரண்டு விதிகளும் நீக்கப்பட்டன. டிசம்பர் 8 அன்று இறுதி விதிகள் ஏற்கப்பட்டபோது, சங்கத்தின் நோக்கம் சரி, ஆனால் இந்த விதிகள் ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்று சொல்லி பிளாக்ஹீத் கிளப் விலகிக்கொண்டது.

மோர்லியைப் பார்க்க பார்ன்ஸுக்குப் போனேன். வாட்டர்லூவிலிருந்து ரயிலில் அதிக நேரம் ஆகாது. பார்ன்ஸ் பொதுவெளியின் மரங்களுக்கு நடுவே ஒரு பழைய இடுகாடு இருக்கிறது. இப்போது யாரையும் அங்கே புதைப்பதில்லை. காடு அதை மெல்ல விழுங்கிக்கொண்டிருக்கிறது. சாய்ந்த சிலுவைகள், ஐவிக் கொடி மூடிய பெயர்கள், தலை இழந்த கல் தேவதைகள். நாயோடு நடந்து வந்த பெரியவர் ஒருவர், நான் கேட்டதும் வழியைக் கையால் காட்டினார். 1924-ல் இறந்த மோர்லியின் கல்லறை அங்கே எளிமையாக இருக்கிறது. மரங்களுக்கு அப்பாலுள்ள விளையாட்டுத் திடலிலிருந்து பந்து உதைபடும் சத்தம் கேட்டது.

அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அந்த 13 விதிகளையும் மறுபடி படித்தேன். மைதானம் அதிகபட்சம் 200 கெஜம் நீளம், 100 கெஜம் அகலம். கோல் கம்பங்களுக்கு இடையே 8 கெஜம். இன்றும் அதே அளவுதான். ஆனால் மேலே குறுக்குக் கம்பியும் இல்லை, கயிறும் இல்லை. கம்பங்களுக்கு நடுவே எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் கோல்தான். பந்துக்கு முன்னால் நிற்கும் சக ஆட்டக்காரன் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. எனவே முன்னோக்கிப் பந்து கொடுக்கவே முடியாது. ரக்பியில் இன்றும் அப்படித்தான்.

எட்டாம் விதியில்தான் கை வருகிறது. எதிராளி உதைத்த பந்து தரையில் படுவதற்கு முன் ஒருவன் அதைக் கையால் பிடித்து, உடனே குதிகாலால் தரையில் ஒரு தடம் பதித்தால் அவனுக்குத் தடையில்லாத உதை கிடைக்கும். அதோடு ஓடக் கூடாது, கையால் எறியக் கூடாது, தரையிலிருந்து பந்தைக் கையால் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். எதிரணிக் கோல் கோட்டுக்குப் பின்னால் போன பந்தை முதலில் கையால் தொட்டவனின் அணிக்கு, 15 கெஜம் வெளியிலிருந்து கோலை நோக்கி ஓர் உதையும் உண்டு. எதிரணிக் கோட்டுக்குப் பின்னால் பந்தைத் தரையில் அழுத்துகிற ரக்பியின் ‘டிரை’யை அறிந்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிந்த பிறகும் பழைய ஆட்டத்தின் எலும்புகள் புதிய ஆட்டத்துக்குள் அப்படியே இருந்தன.

அவை ஒவ்வொன்றாகத்தான் உதிர்ந்தன. 1866-ல் பந்தைக் கையால் பிடித்தவனுக்குக் கிடைத்துவந்த தடையில்லாத உதை போனது. அதே ஆண்டு, பந்துக்கு முன்னால் நிற்பவனைத் தடுக்கும் ஆஃப்சைடு விதியும் தளர்ந்தது. முன்னால் நிற்பவனுக்கும் எதிரணிக் கோட்டுக்கும் இடையே எதிராளிகள் மூன்று பேர் இருந்தால் அவன் ஆடலாம் என்று மாற்றினார்கள். முன்னோக்கிப் பந்து கொடுக்கும் ஆட்டம் அங்கிருந்து தொடங்குகிறது. என் கணக்கில், இரண்டு ஆட்டங்களையும் உண்மையில் வேறாக்கியது இந்த மாற்றம்தான். கோல்காப்பாளர் என்று ஒருவர் விதிப் புத்தகத்துக்குள் வந்தது 1871-ல். லண்டன் விதிகளை வடக்கே ஷெஃபீல்டு உடனே ஏற்கவும் இல்லை. 1858-லிருந்தே அவர்களுக்குச் சொந்த விதிகள் இருந்தன. இரண்டும் ஒன்றானது 1877-ல்.

பிளாக்ஹீத்துக்கும் போய்வந்தேன். கிரீனிச் பூங்காவை ஒட்டி மரமே இல்லாமல் விரிந்து கிடக்கும் புல்வெளி அது. காற்று ஆளைத் தள்ளுகிறது. விலகிய கிளப் இந்த வெளியில்தான் தன் ஆட்டத்தைத் தொடர்ந்தது. அவர்களும் நாளடைவில் மோர்லி சந்தித்த அதே சிக்கலைச் சந்தித்தார்கள். கிளப்புக்கு ஒரு விதி, காலுடைந்தவர்களின் கதைகள், பத்திரிகைகளில் கண்டனம். 1870 டிசம்பரில் பிளாக்ஹீத், ரிச்மண்ட் கிளப்புகளின் செயலாளர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பொது விதிக்கு அழைப்பு விடுத்தார்கள். 1871 ஜனவரி 26 அன்று பால் மால் உணவகத்தில் 21 கிளப்புகள் கூடி ரக்பி ஃபுட்பால் யூனியனைத் தொடங்கின. வழக்கறிஞர்கள் மூவர் எழுதிய 59 விதிகள் அந்தக் கோடையில் ஏற்கப்பட்டன. பந்தோடு ஓடலாம், ஓடுபவனைப் பிடித்து வீழ்த்தலாம். கணைக்காலில் உதைப்பதும் இடறிவிடுவதும் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

பிடிப்பதை வைத்துக்கொண்டு உதைப்பதை மட்டும் நீக்கும் இந்த வழி 1863-லும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கேம்பல் விட்டுக்கொடுத்து அதைக் கேட்டிருந்தால் மோர்லி தரப்பு மறுத்திருக்குமா என்று சொல்வது கடினம். உதைப்பதை விட முடியாது என்று வெளியேறிய கிளப், எட்டே ஆண்டுகளில் அதைத் தடைசெய்த சங்கத்தைத் தொடங்க முன்னின்றது. ஆனால் அதற்குள் கால்பந்தில் கையால் பிடித்தவனுக்குத் தடையில்லாத உதை தரும் விதி எடுக்கப்பட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே 1871-ல் எடின்பரோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முதல் சர்வதேச ரக்பிப் போட்டியில் மோதின. கால்பந்துச் சங்கமோ அந்த ஆண்டு எஃப்.ஏ. கோப்பையைத் தொடங்கி, 1872 மார்ச்சில் கென்னிங்டன் ஓவலில் அதன் முதல் இறுதிப் போட்டியை நடத்தியது.