வேகக் கணக்கில் எந்த வரியை விடுவது

பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் நான் நடத்தும் நான்காம் படிவ இயற்பியல் வகுப்பில், வேகக் கணக்குகளை முதலில் முழுவதும் செய்து காட்டி, பின்னர் சில வரிகளை விட்டுக் கொடுத்து, கடைசியில் மாணவர்களைத் தாமாகவே செய்ய விடுவது என் வழக்கம். 1985இல் ஸ்வெல்லரும் கூப்பரும் இயற்கணிதத்தை வைத்துச் செய்த ஆய்வில், செய்து காட்டிய கணக்குகளைப் படித்தவர்கள் அதே அமைப்பிலான கணக்குகளை விரைவாகவும் குறைந்த பிழைகளுடனும் செய்தார்கள். அமைப்பு மாறிய கணக்குகளில் அந்தப் பயன் தெரியவில்லை. வேகப் பாடத்தில் எனக்குத் தொல்லை தருவதும் இந்த இரண்டாவது செய்திதான். ஆகவே எத்தனை வரிகளை விடுவது என்பதைக் காட்டிலும் எந்த வரியை விடுவது என்பதையே நான் அதிகம் யோசிக்கிறேன்.

செய்து காட்டும் கணக்கு, பெருநிலத்திலுள்ள பத்து காவான் என்ற ஊரையும் தீவிலுள்ள பத்து மாவுங் என்ற ஊரையும் இணைக்கும் பினாங்கின் இரண்டாவது பாலத்தைப் பற்றியது. பாலத்தின் மொத்த நீளம் 24 கிலோமீட்டர். ஒரு கார் அதை 20 நிமிடத்தில் கடக்கிறது. விடை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வேண்டியிருப்பதால், 20ஐ 60ஆல் வகுத்து மூன்றில் ஒரு மணி என்று எழுதி, 24ஐ அதனால் வகுத்தால் 72 வருகிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதற்கான காரணத்தையும் ஒரு வாக்கியமாக எழுதிவைப்பேன். (தைப்பூசத்துக்கு முந்தின நாள் இந்த 20 நிமிடம் செல்லாது என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை.)

அடுத்து, பழைய பாலத்தின் 13.5 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் கடக்கும் பேருந்தின் கணக்கில் கடைசி வகுத்தலை மட்டும் விடுவேன். 13.5ஐ 0.25ஆல் வகுத்து 54 என்று எல்லாரும் சரியாக எழுதிவிடுவார்கள். அதனால் வேகத்தைப் புரிந்துகொண்டார்கள் என்று பொருளில்லை; கால்குலேட்டரைச் சரியாகத் தட்டினார்கள் என்றுதான் பொருள்.

உண்மையான சோதனை, நேரத்தை மாற்றும் வரியை விடும்போது வருகிறது. பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு ஃபெரி 3 கிலோமீட்டரை 12 நிமிடத்தில் கடப்பதாக வைத்துக்கொண்டு, சூத்திரத்தைக் கொடுத்துவிட்டு நேரத்துக்கான இடத்தைக் காலியாக விடுகிறேன். சிலர் அங்கே 0.12 என்று எழுதி, 25 என்ற விடைக்கு வந்து சேருவார்கள். இதே பிழையை இரண்டாவது பாலத்தில் செய்திருந்தால் மணிக்கு 120 கிலோமீட்டர் வந்திருக்கும். அந்த வேகத்தில் பாலத்தில் போனால் சம்மன்தான் என்று அவர்களே சிரித்திருப்பார்கள். ஆனால் ஃபெரிக்கு 25 என்பது யார் கண்ணையும் உறுத்தாது. ஆகவே விடை நம்பும்படி இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. ஒரு மணி நேரத்தில் எத்தனை 12 நிமிடங்கள் அடங்கும் என்று கேட்கிறேன். ஐந்து என்கிறார்கள், அப்படியானால் ஐந்து மூன்று பதினைந்து கிலோமீட்டர் என்பது சூத்திரம் இல்லாமலே வந்துவிடுகிறது. எதிரே காரணம் எழுதும் இடத்தையும் காலியாக விட்டிருப்பதால், விடை தவறாதபோதும் யார் வெறுமனே பார்த்து எழுதினார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

அதன் பிறகு அதே 24 கிலோமீட்டருக்குத் திரும்பி, போகும்போது மணிக்கு 72, வரும்போது 48 கிலோமீட்டர் வேகம் என்று கொடுத்து, சராசரி வேகத்தைக் கேட்கிறேன். மொத்தத் தூரம் 48 கிலோமீட்டர் என்ற வரியை எழுதிவிட்டு, மொத்த நேரத்தை விட்டுவிடுவேன்.

“டீச்சர், ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா அறுபதுதானே?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“அறுபதுன்னு வெச்சுக்கம்மா, அப்போ 48 கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் ஆகணும்?” என்றேன்.

48 நிமிடம் என்றாள். பிறகு போக 20, வர 30 என்று தானே கணக்கிட்டு, 50 நிமிடம் ஆவதைப் பார்த்தாள். 48 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் கடந்தால் மணிக்கு 57.6 கிலோமீட்டர். குறைந்த வேகத்தில் அதிக நேரம் செலவாவதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது என்ற காரணத்தை அவளே தன் தாளில் எழுதினாள். மொத்த நேரத்துக்கான வரியை நான் முன்பே நிரப்பிக் கொடுத்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

தாமாகச் செய்யும் பகுதியில், நிமிடமே இல்லாத ஒரு கணக்கை வேண்டுமென்றே முதலில் வைக்கிறேன்: 400 மீட்டரை 80 விநாடியில் ஓடுகிறவரின் வேகம் விநாடிக்கு எத்தனை மீட்டர்? நேராக வகுத்தால் 5. ஆனால் முந்தைய தாள்களிலெல்லாம் 60ஆல் வகுத்த பழக்கத்தில், 80ஐயும் 60ஆல் வகுக்கும் கைகள் சில இருக்கும். அவர்களை மறுபடி முழுக் கணக்கைப் படிக்கச் சொல்வதில்லை; நேரத்தை மாற்ற வேண்டிய கணக்குகளும் வேண்டாத கணக்குகளும் கலந்திருக்கும், அந்த ஒரு வரி மட்டும் காலியாக உள்ள இன்னொரு தாளைக் கொடுக்கிறேன். இதற்கு மாறாக, ஃபெரிக் கணக்கிலேயே காரணத்தைத் தெளிவாக எழுதிவிட்டவருக்கு மேற்கொண்டு நிரப்பும் தாள் கொடுப்பது சுமையாகிவிடுகிறது. அவர் நான் எழுதிய வரிகளைத் தன் வழியோடு ஒப்பிட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்குகிறார். அவரை நேராக 400 மீட்டர் கணக்குக்கே அனுப்பிவிடுகிறேன்.