லக்கேஜ் ரூம் சாவி

மே 8, புதன்

காலையிலிருந்து மழை. ஸ்கேன் ரிப்போர்ட் வரவில்லை.

மே 9, வியாழன்

சாயங்காலம் ஓட்டலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கூட்டம். ஒன்று ஆபீஸ்காரர்கள், இரண்டு வேன். இன்னொன்று கல்யாணம் முடித்துவிட்டு மலை பார்க்க வந்த சொந்தபந்தம், கார்களில். பனி இறங்கி போர்ட்டிகோ விளக்கே மங்கலாகிவிட்டது.

வேனில் இருந்து முதல் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் எண்ண வேண்டும். டிரைவர் ஒரு தரம், அவர்கள் லீடர் ஒரு தரம், நான் ஒரு தரம். மூன்றும் ஒன்றானால்தான் கை வைப்பேன். 31. அட்டையில் எழுதி லீடரிடம் கையெழுத்து வாங்கினேன். புதுப் பையன், நாமக்கல்காரன், "எதுக்குண்ணா இவ்ளோ, மழை பெய்யுதுல்ல" என்றான். சக்கரம் உடைந்த பெட்டி ஒன்று, ஜிப் பிய்ந்தது ஒன்று. இரண்டையும் இறக்கியபோதே உடையவர்களிடம் காட்டி அட்டையில் குறித்தேன். அப்போது காட்டாவிட்டால் உடைத்தது நாம்தான் என்று ஆகிவிடும்.

பழைய ஏர்போர்ட் ஸ்டிக்கர்களைக் கிழித்தேன். பாதிப் பேர் போன வருஷத்துப் பயணத்து ஸ்டிக்கரோடுதான் வருகிறார்கள். ரூம் நம்பர் எழுதிய டேக்குக்குப் பக்கத்தில் வேறொரு பேர் தொங்கினால் அவசரத்தில் கண் அங்கேதான் போகும்.

பெட்டியைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு என்று பையனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொன்ன நானே மடக்கவில்லை. மடக்கினால் எழுந்திருக்க முடியாது என்று பயம்.

பழுப்புப் பை இன்னும் மூலையில்தான் இருக்கிறது.

மே 10, வெள்ளி

கூட்டம் இரண்டானால் ஒன்றுக்குக் கட்டும் மஞ்சள் டேக் ஸ்டோரில் தீர்ந்துவிட்டதாம். இரண்டு கூட்டத்துக்கும் நாளை வெள்ளையே கட்டப் போகிறோம். லக்கேஜ் பார்க்கும் எங்கள் கேப்டன் லீவில் இருக்கிறார், முடிவு என் தலையில். வெள்ளைதானே, நம்பர் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போன் செய்தேன். திங்கள் என்றார்கள். போன திங்களும் அதைத்தான் சொன்னார்கள்.

மே 11, சனி (இரவு 11 மணி)

எழுதாமல் படுக்க முடியாது.

பத்து மணிக்கு இரண்டு கூட்டமும் ரூம் காலி செய்தார்கள். மதியம் வரை ஏரி, படகு, லேடீஸ் சீட் வியூ பாயிண்ட் என்று சுற்றிவிட்டு வந்து கிளம்புவதாகத் திட்டம். அதனால் ஐம்பது பெட்டியும் லக்கேஜ் ரூமுக்கு வந்தது. ஆபீஸ்காரர்கள் 31, டேக் 0401 முதல் 0431 வரை. கல்யாணக்காரர்கள் 19, 0432 முதல் 0450 வரை. லெஃப்ட் லக்கேஜ் டேக் மூன்று துண்டு: ஒன்று பெட்டியில், ஒன்று விருந்தாளி கையில், ஒன்று ரிஜிஸ்டரில். மூன்றிலும் ஒரே நம்பர்.

இடது சுவர் ஆபீஸ், வலது சுவர் கல்யாணம், நடுவில் கயிறு. கனமானது கீழே, டேக் வெளியே பார்க்க. சேலத்தில் இருந்து மாம்பழக் கூடை கொண்டுவந்த அம்மா ஒருத்தர் அதையும் வைக்கச் சொன்னார். முடியாது என்றேன். சென்ற வருஷம் ஒரு பலாப்பழத்தை வாங்கி வைத்துவிட்டு எறும்போடு பட்டது போதும். அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டார், கூடை ரிசப்ஷன் பக்கம் போய்விட்டது.

இரண்டரைக்கு ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். சாயங்கால ரயில் என்று லீடர் பதறினார். 31 பேர் துண்டையும் ரப்பர் பேண்ட் போட்டு ஒரே கட்டாகக் கொடுத்தார். நான் அந்தக் கட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பையன் பெட்டிகளை ஏற்றினான், நான் எண்ணினேன். 31. லீடர் கையெழுத்து, பில் முடிந்ததற்குக் கேஷியர் தந்த பாஸ், வண்டி நம்பர், டிரைவர் போன் நம்பர், எல்லாம் அட்டையில் ஏறியது. மீதியை எண்ணினேன். 19. இரண்டு கணக்கும் சரி. சரியாக இருந்ததுதான் வினை.

மூன்றே முக்காலுக்கு ஒரு அக்கா 0447 துண்டை நீட்டினார். கறுப்பு ட்ராலி பெட்டி, 0447 டேக், கொடுத்தேன். கைப்பிடியைப் பார்த்துவிட்டு, "இது என்னுதில்லீங்க. சிவப்பு நூல் கட்டியிருந்தேன்" என்றார். நம்பர் இருக்கே மேடம் என்று வாய்வரை வந்தது. நல்லவேளை சொல்லவில்லை.

பெட்டியைப் படுக்க வைத்தேன். பக்கவாட்டுக் கைப்பிடியில், சுவரைப் பார்த்து இருந்த பக்கத்தில், இன்னொரு டேக். 0412. ஒரு பெட்டிக்கு இரண்டு டேக் என்றால், டேக்கே இல்லாத பெட்டி ஒன்று எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

பையனைக் கூப்பிட்டேன். அவன் ஒளிக்கவில்லை. பன்னிரண்டு மணிவாக்கில் ட்ராலி சக்கரம் ஏறி ஒரு டேக் தரையில் கிடந்திருக்கிறது. 0447. பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, மேல் கைப்பிடி வெறுமையாக. அதில் கட்டிவிட்டான். உண்மையான 0447 கயிற்றைத் தாண்டி இடது பக்கம் நகர்ந்து டேக் இல்லாமல் நின்றிருக்கிறது. ஏற்றும்போது, "வெள்ளை டேக் விழுந்திருக்கும், இந்தப் பக்கம்தானே இருக்கு" என்று வண்டியில் ஏற்றியிருக்கிறான். ஒன்று அதிகமாகப் போயிருந்தால் 32 என்று தெரிந்திருக்கும். ஆனால் 0412 இங்கேயே நின்றுவிட்டதே. ஒன்றுக்கு ஒன்று ஈடாகிவிட்டது. எண்ணிக்கை காணாமல் போனதைப் பிடிக்கும், மாறிப் போனதைப் பிடிக்காது. அதைப் பிடிக்க ஒவ்வொரு துண்டாக ஒவ்வொரு டேக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தத் துண்டுகள் 31-ம் என் சட்டைப் பையில் ரப்பர் பேண்டோடு இருந்தன. 0412 துண்டைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெட்டி இல்லாத வண்டியை அனுப்பியிருக்கிறேன். மஞ்சள் டேக் இருந்திருந்தாலாவது பையன் தப்பித்திருப்பான். அது இல்லாமல் போனதற்கும் காரணம் நான்தான்.

அக்காவிடம், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். துணி, அவருடைய மாமியாரின் பிரஷர் மாத்திரை. ராத்திரி போட வேண்டியது. வைக்கும்போது பணம், நகை, லேப்டாப், மருந்து இருக்கிறதா என்று கேட்டே ஆகவேண்டும். கேட்டாயா என்று பையனைப் பார்த்தேன். தலையைக் குனிந்தான்.

0412-ஐத் திறந்து பேர் பார்க்கலாமா என்றார் செக்யூரிட்டி அண்ணன். வேண்டாம் என்றேன். ரிஜிஸ்டரில் 0412-க்கு நேரே 206 என்று இருக்கும்போது எதற்குத் திறப்பது? திறந்த பெட்டிக்கு அப்புறம் எது குறைந்தாலும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

லீடர் போன் எடுக்கவில்லை, வளைவுகளில் சிக்னல் போயிருக்கும். டிரைவர் மூன்றாவது தரம் எடுத்தார். அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "இருபது வளைவும் இறங்கிட்டேங்க, திரும்பி ஏற முடியாது." ஏற வேண்டாம், நில்லுங்கள், கறுப்புப் பெட்டியில் சிவப்பு நூல் கட்டியதை மட்டும் இறக்கி முன்சீட்டில் வையுங்கள், யாரும் திறக்க வேண்டாம் என்றேன். நாலு ஐந்துக்கு ஓட்டல் ஜீப்பில் கிளம்பினேன். டியூட்டி மேனேஜர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று: இரண்டு டேக் நம்பர், இரண்டு பெட்டியின் அடையாளம், "திறக்கப்படாத நிலையில் மாற்றிக்கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி.

ஒவ்வொரு வளைவிலும் முதுகில் ஒரு கத்தி. பத்தாவது வளைவுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

206-காரர் கோபப்படவே இல்லை. ஜிப்பைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். லீடர்தான் சத்தம் போட்டார். போடட்டும். ரயிலுக்கு நேரம் இருந்தது. மேலே திரும்பும்போது ஆறு மணி. அக்கா சிவப்பு நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதலில் மாத்திரையைத்தான் எடுத்தார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நியாயம்தான்.

பெட்டியைக் காரில் நானே ஏற்றினேன். ஏற்றியிருக்கக் கூடாது.

மே 12, ஞாயிறு

எழுந்திருக்க முடியவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி லீவு.

மே 13, திங்கள்

மேனேஜர் ரூமில் அரை மணி நேரம். பையனை அனுப்பிவிடலாமா என்று பேச்சு வந்தது. கட்டாகத் துண்டு வாங்கியது நான், டேக் நிறத்தை விட்டுக்கொடுத்தது நான் என்றேன். அவர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பையன் வெளியே அழுதுகொண்டு நின்றான். போய்க் காபி குடிடா தம்பி என்றேன்.

ரிஜிஸ்டரின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டினேன். விழுந்த டேக்கை யாரும் கட்டக் கூடாது. டேக்கை எடுத்துக்கொண்டு கேப்டனிடம் வரணும், அந்த ரூமில் ஒரு பெட்டியும் நகரக் கூடாது. டேக் இல்லாத பெட்டி வண்டி ஏறாது, எத்தனை அவசரமானாலும். டேக் மேல் கைப்பிடியில் மட்டும். லீடர் கட்டாகக் கொடுத்தாலும் ஒவ்வொன்றாகக் கிழித்துப் பெட்டியோடு சேர்.

மஞ்சள் டேக் வந்துவிட்டது. இன்றைக்கு வந்து என்ன.

இன்றும் ரிப்போர்ட் இல்லை. நாளை மறுநாளாம்.

மே 14, செவ்வாய்

பழுப்புப் பை. டேக் 0093. மார்ச் மாதம் ஒரு பெரியவர் இரண்டு நாளில் வருகிறேன் என்று வைத்துவிட்டுப் போனார். கையில் அந்த ஒரு பைதான். அட்வான்ஸ் கட்டியே ரூம் எடுத்தார், லக்கேஜ் குறைவாக வருபவர்களிடம் அப்படித்தான் வாங்குவோம். கணக்கில் பாக்கி எதுவும் இல்லை. போன் அணைத்தே இருக்கிறது. ரிஜிஸ்டரில் கொடுத்த விலாசத்துக்குக் கடிதம் போய்விட்டது. வாரா வாரம் தூசி தட்டி நம்பர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். மேனேஜரும் செக்யூரிட்டியும் இல்லாமல் அதைத் திறக்க எனக்கு உரிமை இல்லை, ஆசையும் இல்லை.

தூக்கிப் பார்த்தால் எடையே இல்லை. இன்று அதைக்கூடப் பையனைத் தூக்கச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

மே 15, புதன்

பையன் ஒரு டேக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, பாம்பைக் கொண்டுவருவது மாதிரி, லாபி முழுக்கப் பார்க்க என்னிடம் நடந்து வந்தான். "விழுந்து கெடந்துச்சுண்ணா. எதையும் தொடல." சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முதுகு வலிக்கிறது.

ரிப்போர்ட் தயாராம். போனில் சொல்ல மாட்டார்களாம், நேரில் வரணுமாம்.

மே 16, வியாழன்

முதல் பஸ்ஸில் சேலம். சாவியைப் பையனிடம் கொடுத்து ரிஜிஸ்டரில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். உள்ளே இருப்பது ஏழு. எண்ணவில்லை, ஒவ்வொரு நம்பராக வாசித்துக் காட்டச் சொன்னேன். கடைசியாக 0093 என்று வாசித்தான்.